கடை எண்ணுக்கு பிரீபெய்டா, போஸ்ட்பெய்டா: நான் போட்டுப் பார்த்த ஓராண்டுக் கணக்கு

தாராபுரத்தில் மோட்டார் பம்ப் உதிரிபாகங்கள் விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். சித்திரை பிறந்து கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார்கள் வரிசையாகக் கருகும்; அந்த நாட்களில் காலை ஆறு மணிக்கே மெக்கானிக்குகளிடமிருந்து அழைப்பு வரத் தொடங்கிவிடும். இம்பெல்லரோ, மெக்கானிக்கல் சீலோ, வைண்டிங் ஒயரோ கையிருப்பில் இல்லையென்றால் கோயம்புத்தூர் மொத்த வியாபாரியை அழைத்துச் சொல்லி, காலையில் புறப்படும் பார்சல் வண்டியில் ஏற்றச் செய்ய வேண்டும். அந்த வண்டியைத் தவறவிட்டால் சரக்கு மறுநாள்தான் கைக்கு வரும்.

சென்ற கோடையில் ஒருநாள் காலை, ஒரு தோட்டத்தில் கழற்றிப் போட்ட மோட்டாரின் அருகே நின்றுகொண்டு கோவைக்கு அழைத்தபோது, என் திட்டத்தின் வேலிடிட்டி முடிந்துவிட்டதாகப் பதிவுக் குரல் சொல்லியது. உடனே ரீசார்ஜ் செய்துவிடலாம் என்று யுபிஐ செயலியைத் திறந்தால் அதுவும் திறக்கவில்லை. வேலிடிட்டி முடிந்ததும் அழைப்போடு டேட்டாவும் நின்றுவிடும் என்பது அந்த நேரம் வரை என் மனத்தில் உறைத்ததே இல்லை. சாலைக்கு வந்து, டீக்கடைக்காரரின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் வாங்கி ரீசார்ஜ் செய்து முடித்தபோது, பார்சல் வண்டி கோவையிலிருந்து கிளம்பியிருந்தது. அந்த விவசாயியின் தென்னங்கன்றுகள் இன்னொரு நாள் தண்ணீரில்லாமல் நின்றன.

மறதி என்னுடையதுதான். ஆனால் அந்த மறதிக்கு 28 நாள் திட்டமும் துணை போகிறது. ஏப்ரல் 2-ஆம் தேதி ரீசார்ஜ் செய்தால் 29-ஆம் தேதியோடு முடிகிறது. 30-ஆம் தேதி மீண்டும் செய்தால் மே 27-இல் முடிகிறது. வாடகை, மின் கட்டணம், சம்பளம் எல்லாம் மாதத்தின் ஒரே தேதியில் வந்து நிற்கும்போது, இது மட்டும் இரண்டு மூன்று நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போவதால் எந்தத் தேதியோடும் சேர்த்து நினைவில் வைக்க முடிவதில்லை. 30 நாள் திட்டம் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கக்கூடிய திட்டம் ஒன்றும் எல்லா நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-இலேயே சொல்லிவிட்டது; ஆனால் ரீசார்ஜ் கடையில் நாம் கேட்காத வரை அதை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

அன்று மாலையே போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன். மாறுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்தது நல்லதாயிற்று.

முதலில், என் போன் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பார்த்தேன். ஒரு வாரத்து அழைப்புப் பட்டியலை எண்ணியதில் அறுநூறுக்கு மேல் அழைப்புகள் இருந்தன. ஆனால் இரண்டு வகைத் திட்டத்திலும் உள்நாட்டு அழைப்புக்கு வரம்பில்லை என்பதால், அழைப்பு அதிகம் என்பது மட்டுமே போஸ்ட்பெய்டுக்கு மாறக் காரணமாகாது. நிமிடக் கணக்கில் காசு போன காலத்தில் அது பெரிய வேறுபாடாக இருந்தது, இப்போது இல்லை. வரம்பில்லா அழைப்புக்குள் அடங்காத அழைப்புகள் எவை என்பதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். என் பட்டியலில் வெளிநாட்டு அழைப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு சேவை மையத்தின் 1860 என்று தொடங்கும் எண்ணுக்கு நான்கு அழைப்புகள் போயிருந்தன. 1800 எண்கள் இலவசம். 1860 எண்கள் அப்படியல்ல. பிரீபெய்டில் தனியாக டாக்டைம் இருந்தால்தான் அவை இணையும், போஸ்ட்பெய்டில் பேசியபின் பில்லில் வந்து சேரும்.

அடுத்தது டேட்டா. போனின் அமைப்புகளில் பார்த்தபோது, ஒரு மாதத்தில் மொபைல் டேட்டா 9 ஜிபி மட்டுமே செலவாகியிருந்தது. மீதியெல்லாம் கடை வைஃபையில் போயிருந்தது. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்துக்கு, அதாவது 28 நாளுக்கு 42 ஜிபிக்கு, நான் காசு கட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு விலை. என் பிரீபெய்டு திட்டம் 349 ரூபாய். அருகில் இருந்த போஸ்ட்பெய்டு திட்டத்துக்கு 449 ரூபாய் என்று எழுதியிருந்தார்கள். பார்த்தவுடன் மாதத்துக்கு நூறு ரூபாய்தான் வேறுபாடு என்று தோன்றும். அந்த இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தவறு. பிரீபெய்டு விலைக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. போஸ்ட்பெய்டு வாடகைக்கு மேல் அது தனியாகச் சேர்கிறது. 449 ரூபாய் வாடகை பில்லில் 529 ரூபாய் 82 காசாக வரும். மறுபக்கம், பிரீபெய்டில் ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்கிறோம். எனவே ஓராண்டுக்கு பிரீபெய்டு 4,537 ரூபாய், போஸ்ட்பெய்டு ஏறத்தாழ 6,358 ரூபாய். வேறுபாடு 1,800 ரூபாய்க்கும் மேல்.

இந்த இடத்தில் கைவிட்டிருப்பேன். எங்கள் ஆடிட்டரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "பில்லுல உங்க ஜிஎஸ்டி நம்பர் வருதுங்களா? வந்தா அந்த வரியை எடுத்துக்கலாமுங்க." வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்து வரி கட்டும் கடைக்கு, தொழிலுக்காகப் பயன்படும் போன் பில்லில் உள்ள வரி உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பக் கிடைக்கிறது. 449 ரூபாய் வாடகையில் மாதம் 80 ரூபாய் 82 காசு, ஆண்டுக்கு ஏறத்தாழ 970 ரூபாய். அதைக் கழித்தால் போஸ்ட்பெய்டின் செலவு 5,388 ரூபாய் ஆகிறது. வேறுபாடு 851 ரூபாயாகச் சுருங்குகிறது. என் பிரீபெய்டு ரசீதுகளில் கடையின் ஜிஎஸ்டி எண் ஒருபோதும் வந்ததில்லை என்பதால் அந்த வரி அப்படியே போய்க்கொண்டிருந்தது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கும் ஜிஎஸ்டி பதிவே இல்லாதவர்களுக்கும் இந்த வரவு கிடையாது. அவர்களுக்கு 1,800 ரூபாய் வேறுபாடு முழுமையாக நிற்கும். அத்தகைய கடைக்காரர் ஒருவர் என்னைக் கேட்டால், பிரீபெய்டிலேயே இருந்து, திட்டம் முடியும் முன்பே அடுத்த ரீசார்ஜைப் போட்டு வரிசையில் வைத்துவிடுங்கள், அல்லது யுபிஐ ஆட்டோபே வைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். வீட்டில் மற்றவர்கள் வைத்திருக்கும் எண்களின் வரியைக் கடைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதையும் ஆடிட்டர் அழுத்திச் சொன்னார்.

851 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று யோசித்தேன். மாதக் கடைசியில் போன் சட்டென்று ஊமையாகாது. பில் வந்தபின் கட்டுவதற்கு நாட்கள் இருக்கும். தவறவிட்ட ஒரு பார்சலால் எனக்குப் போன வியாபாரத்தை நினைத்தபோது அது தகும் என்று பட்டது.

எண்ணும் சிம்மும் அப்படியே இருக்க, ஓடிபி மூலமாகவே அதே நிறுவனத்தில் மாறிக்கொள்ள முடிந்தது. அரை மணி நேரத்துக்குள் இணைப்பு திரும்பி வந்தது. ஒரே வருத்தம், பிரீபெய்டில் மீதமிருந்த பதினோரு நாட்கள் போய்விட்டன. திட்டம் முடியும் தறுவாயில் மாறியிருக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. ஜிஎஸ்டி சான்றிதழ் நகலை ஷோரூமில் கொடுத்து, எண்ணைப் பதிவு செய்தாயிற்று என்று அவர்கள் சொன்னதை நம்பி வந்துவிட்டேன். முதல் பில்லில் என் பெயரும் முகவரியும் இருந்தன. ஜிஎஸ்டி எண் இல்லை. அப்படி வரும் பில் சாதாரண நுகர்வோர் கணக்கில் சேர்ந்துவிடும், நமது கணக்கில் ஏறாது. ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் உருவாகும் GSTR-2B அறிக்கையில் அந்த நிறுவனத்தின் பில் தெரிகிறதா என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும். என் அறிக்கையில் அந்தப் பில் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் புகார் பதிந்து எண் வாங்கி, இரண்டாம் முறை சான்றிதழை அனுப்பிய பின்பு, மூன்றாவது பில்லில்தான் கடையின் பெயருக்குக் கீழே பதினைந்து எழுத்து ஜிஎஸ்டி எண் அச்சாகி வந்தது. முதல் இரண்டு பில்களைத் திருத்தித் தர மறுத்துவிட்டார்கள். ஷோரூமில் உட்கார்ந்திருக்கும்போதே, கணினித் திரையில் எண் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருந்தால் 160 ரூபாய் மிஞ்சியிருக்கும். தொகை சிறிதானாலும் அதற்காக நான் செலவழித்த மணிநேரங்கள் சிறிதல்ல.

கடையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. கல்லாவில் நிற்கும் தம்பி அதிலிருந்து மெக்கானிக்குகளை அழைத்துச் சரக்கு வந்த விவரத்தைச் சொல்வான். அந்தப் போன் கடையை விட்டு வெளியே போவதே இல்லை, வாட்ஸ்அப்பெல்லாம் வைஃபையில்தான். அதற்கும் 28 நாளுக்கு ஒருமுறை டேட்டாவோடு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தேன். டேட்டா இல்லாமல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் தரும் திட்டங்களை நிறுவனங்கள் கட்டாயம் வைக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அத்தகைய திட்டங்களின் காலத்தை 365 நாள் வரை நீட்டிக்கவும் இடம் கொடுத்தது. அந்த வகையில் நான் தேர்ந்தெடுத்த ஓராண்டுத் திட்டம் 1,849 ரூபாய். வரம்பில்லா அழைப்பு, ஆண்டுக்கு 3,600 குறுஞ்செய்தி. 28 நாள் கணக்கில் 4,537 ரூபாய் போன இடத்தில் இது பாதிக்கும் குறைவு. போஸ்ட்பெய்டுக்கு நான் கூடுதலாகக் கொடுக்கும் 851 ரூபாயைப் போல மூன்று மடங்கு இந்த ஓர் எண்ணிலேயே மிச்சமாகிறது.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. மின்சாரம் நின்று வைஃபை போய்விட்டால் அந்தப் போனில் யுபிஐ ரசீதைக்கூடப் பார்க்க முடியாது. அதனால் மோடத்துக்கு ஒரு சிறிய பேட்டரி பேக்கப் வாங்கி வைத்தேன். ஓராண்டுத் திட்டம் முடியும் தேதியைக் கல்லாப் பெட்டியின் உள்பக்க மூடியில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். தம்பி தினமும் இரண்டு முறை அந்தப் பெட்டியைத் திறக்கிறான்.