எங்கள் பட்டறையை விற்று, அதிலேயே வாடகைக்கு உட்கார்ந்த கதை

போன மாதம்தான் எல்லாம் முடிந்தது. சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் 6,000 சதுர அடி பட்டறையை ஒரு முதலீட்டாளருக்கு விற்றுவிட்டு, அன்றைக்கே அதே இடத்தை ஆறு வருஷ வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். இதைச் செய்ய நினைக்கிறவர்கள் நாங்கள் பட்ட பாட்டைப் படாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏன் விற்றோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தொழில் நன்றாகத்தான் போகிறது. ஆனால் புது ஐந்து அச்சு சிஎன்சி இயந்திரம் வாங்காவிட்டால் பெரிய வாடிக்கையாளர் கைவிட்டுப் போய்விடுவார். காசோ சுவரில் கிடக்கிறது. கட்டடம் 60 வருஷக் குத்தகை நிலம், இன்னும் 31 வருஷம்தான் பாக்கி. மேலும் கடன் கேட்டால், குத்தகை குறைந்துவிட்டது, சீக்கிரம் கட்டி முடிக்க வேண்டும் என்று வங்கி சொன்னது. அப்படி வந்த மாதத் தவணை எங்களால் தாங்கக்கூடியதாக இல்லை. வருஷா வருஷம் தேய்கிற சொத்தைப் பிடித்துக்கொண்டு, சம்பாதித்துக் கொடுக்கும் இயந்திரத்தை விடுவதா? அப்பாவுக்கு மனசே இல்லை. கணக்கைப் பார்த்துத்தான் சம்மதித்தார்.

இரண்டு பேர் விலை கேட்டார்கள். ஒருவர் 2.55 மில்லியன் வெள்ளி, மற்றவர் 2.4 மில்லியன். அப்பா உடனே பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார். புரோக்கரும் அதையேதான் சொன்னார், அவருக்கு விலையில்தானே கமிஷன். நான் இரண்டு பேரின் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். முதலாமவர் கேட்டது மாதம் 14,300, வருஷத்துக்கு 3 சதவீத ஏற்றம். ஆறு வருஷத்தில் 1,110,000 வெள்ளி போகும். இரண்டாமவர் மாதம் 12,000, மூன்று வருஷம் கழித்து ஒரே தடவை 5 சதவீத ஏற்றம். மொத்தம் 885,600. அதாவது இன்று கூடக் கிடைக்கும் 150,000 வெள்ளிக்காக, ஆறு வருஷத்தில் 224,000 கூடுதலாகக் கட்டுகிறோம். வட்டியாகப் பார்த்தால் வருஷத்துக்கு 11 சதவீதத்துக்கு மேல்! வங்கியில் இதைவிட மலிவாகவே கடன் கிடைத்திருக்கும். இந்த வியாபாரத்தில் விலையும் வாடகையும் தனித்தனி இல்லை. வாங்குகிறவர் கூடக் கொடுத்தால் அதை வாடகையாக நம்மிடமிருந்தே எடுத்துக்கொள்வார். ஆறு வருஷம் கழித்துப் புதுப்பிக்கும்போதும் பேச்சு அந்த உயர்ந்த வாடகையிலிருந்துதான் தொடங்கும். நாங்கள் 2.4 மில்லியனுக்கே கொடுத்தோம்.

அப்பா ஒரு ஆசையைச் சொன்னார்: "ஆறு வருஷம் கழிச்சு நாமளே இந்த விலைக்குத் திரும்ப வாங்கிக்கலாம்னு எழுதச் சொல்லுடா." நியாயமான ஆசைதான். ஆனால் எங்கள் கணக்காய்வாளர் தடுத்துவிட்டார். அப்படித் திரும்ப வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதினால், கணக்கியல் விதிப்படி இது விற்பனையாக நிற்காது, கட்டடத்தை வைத்து வாங்கிய கடனாகத்தான் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும் என்றார். கடனைக் குறைத்துக் காட்டத்தானே இத்தனை பாடு. கடைசியில், வாங்குகிறவர் பிறகு வேறு யாருக்காவது விற்கப் போனால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் எழுதிக்கொண்டோம்.

சரி, ஒப்பந்தம் போட்டாயிற்று, வங்கிக்கு அடமானத்தை மீட்கும் மூன்று மாத முன்னறிவிப்பும் கொடுத்தாயிற்று. அப்புறம்தான் இடி விழுந்தது. வாங்குகிறவரின் சர்வேயர் வந்து அளந்தார். பின்பக்கம் இரும்புத் தூண் போட்டு எழுப்பிய சுமார் 800 சதுர அடி இடைத்தளம், சாமான் வைக்கிற இடம். "இதுக்கு அனுமதி எங்கே?" என்றார். 2009இல் ஒரு ஒப்பந்தக்காரர் போட்டுக் கொடுத்தது. "எல்லா அனுமதியும் எடுத்தாச்சு" என்று அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் மட்டும் அப்பாவின் கோப்பில் இருந்தது. அவரைத் தேடி உட்லண்ட்ஸ் வரை போனேன். அந்த முகவரியில் இப்போது டயர் கடை.

கட்டட, கட்டுமான ஆணையத்திடம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கினோம். அதில் இடைத்தளமே இல்லை. இப்போதாவது அனுமதி வாங்கலாமா என்று பார்த்தோம். இடைத்தளம் என்றால் கூடுதல் தளப்பரப்பு. எங்கள் கட்டடத்துக்கு அனுமதித்த தளப்பரப்பு முழுவதும் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதாம். பிரித்து எடுப்பதைத் தவிர வழியில்லை. 18,000 வெள்ளி செலவு, ஐந்து வாரத் தாமதம், சாமான்களை வைக்க வேறு இடத்துக்கு வாடகை. விற்க நினைக்கும் அன்றைக்கே, புரோக்கரைக் கூப்பிடுவதற்கு முன்பே, வரைபட நகலை வாங்கி உங்கள் இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதினைந்து வருஷமாக யாரும் கேட்கவில்லை என்பதற்காக நாளைக்கும் கேட்க மாட்டார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தின் வரைவு வந்தபோது, எப்போதும் போடுகிற பத்தி என்று நான் தாண்டிப் போன ஒன்றில் எங்கள் வழக்கறிஞர் அக்கா விரலை வைத்தார். வாடகைக் காலம் முடியும்போது இடத்தை 'ஆரம்பத்தில் இருந்த வெற்று நிலைக்கு' கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். சாதாரண வாடகைக்காரருக்கு இது சரி, அவர் வெற்று இடத்துக்குள் வருகிறார். எங்களுக்கு ஆரம்பம் எது? 2008இல் நாங்கள் வாங்கிய நாளா? அதற்குப் பிறகு போட்ட எபாக்ஸி தரை, மூன்று ஃபேஸ் மின்னிணைப்பு, காற்றுக் குழாய்கள், இரண்டு டன் பாரந்தூக்கி ஓடும் உத்தரம், எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். அதெல்லாம் சேர்த்துத்தான் விலை பேசினோம். இவ்வளவு காலம் சொந்தக்காரராக இருந்த நமக்கு இப்படியொரு கடமையே கிடையாது என்பதால் கண் அங்கே போகவே போகாது. மூன்று மாத முன்பணம், 36,000 வெள்ளி, வாங்குகிறவர் கையில் வேறு இருக்கும்.

இரண்டு வாரம் இழுத்தார்கள். கடைசியில், விற்பனை முடியும் நாளில் இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தால் போதும், இயந்திரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்ற வைத்தோம். அந்த நிலைக்குச் சாட்சி வேண்டுமே. விற்பனைக்கு முந்தின நாள் மாலை, இருபது வருஷமாக எங்களோடு இருக்கும் ஃபோர்மன் முருகையா அண்ணனும் நானும் மூலை மூலையாகப் படம் எடுத்தோம். பெரிய லேத்துக்குக் கீழே எண்ணெய் ஊறிக் கறுத்த வட்டத்தின் பக்கத்தில் அண்ணன் அளவு நாடாவை விரித்துப் பிடித்தார், 70 சென்டிமீட்டர். உத்தரத்தின் ஒவ்வொரு போல்ட்டும், தரையின் ஒவ்வொரு வெடிப்பும் படத்தில் இருக்கிறது. 214 படங்கள். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகச் சேர்த்தோம்.

மற்றவை சுலபம். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி 2,360 வெள்ளி சொச்சம். ஆனால் வாங்குகிறவர் விலையோடு சேர்த்துக் கொடுத்த 9 சதவீத ஜிஎஸ்டி, 216,000 வெள்ளி, நம் பணம் இல்லை. அடுத்த ஜிஎஸ்டி படிவத்தோடு அரசுக்குப் போக வேண்டியது. வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிட்டேன்.

முதல் மாத வாடகை ரசீது வந்தது. 12,000, அதோடு ஜிஎஸ்டி 1,080. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 'வாடகைதாரர்' என்ற வரியில் எங்கள் கம்பெனி பெயரை இரண்டு தடவை படித்தார். பிறகு எதுவும் சொல்லாமல், புது இயந்திரம் வந்து இறங்க வேண்டிய இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறிக்கப் போய்விட்டார்.