வங்கி ஏல அறிவிப்பு: தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மனைதானா?

கடன் திரும்பாத வீட்டையோ மனையையோ, அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க வழி தரும் சர்ஃபேசி சட்டப்படி வங்கி ஏலத்துக்குக் கொண்டுவந்தால், விற்பனை அறிவிப்பை இரண்டு முன்னணி நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் அமலாக்க விதிகள். தமிழ்நாட்டில் ஆங்கில அறிவிப்பைப் பெரும்பாலும் வங்கியின் வசூல் பிரிவு எழுதுகிறது. தமிழாக்கம் விளம்பர ஏஜென்சியில் நடக்கிறது. மறுநாள் பதிப்புக்கு இடம் பிடித்தாகிவிட்ட நிலையில், மாலையில் மெய்ப்பு வந்து சேரும். கடனாளியும், பக்கத்து மனைக்காரரும், வாங்க நினைக்கும் உள்ளூர்க்காரரும் படிக்கப்போவது தமிழ் அறிவிப்பை. வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் இரண்டும் அருகருகே வைக்கப்படும்.

தமிழை ஆங்கிலத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பரவலாக நடக்கிறது. என் பார்வையில் அது பாதி வேலை. ஆங்கில வரைவிலேயே பிழை இருந்தால், நல்ல மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிடுவார். இரண்டும் அழகாக ஒத்துப்போகும், இரண்டும் தவறாக இருக்கும். ஆகவே மேசையில் மூன்று கட்டுகள் வேண்டும்: ஆங்கில வரைவு, தமிழ் வரைவு, மூல ஆவணங்கள். மூலம் என்பது அடமானம் வைத்த கிரயப் பத்திரம், பட்டா, மனைப்பிரிவு வரைபடம், குறைந்தபட்ச விலைக்கு ஒப்புதல் தந்த குறிப்பு ஆகியவை. முதலில் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியே மூலத்தோடு பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் இரண்டையும் ஒன்றோடொன்று பார்ப்பது.

அதிக நேரம் கேட்பது சொத்து விவரம். அதிலும் நான்கெல்லை. நம் ஊர்ப் பத்திரங்களில் எல்லை இப்படி இருக்கும்: "20 அடி ரோட்டுக்குத் தெற்கு, 27ஆம் எண் மனைக்கு வடக்கு, 13ஆம் எண் மனைக்குக் கிழக்கு, 15ஆம் எண் மனைக்கு மேற்கு, இதன் மத்தியில் உள்ள 14ஆம் எண் மனை." இதன்படி மனை ரோட்டுக்குத் தெற்கே இருக்கிறது, அதாவது மனையின் வடக்கு எல்லை ரோடு. ஆங்கிலப் படிவம் கேட்பதோ, வடக்கில் என்ன, தெற்கில் என்ன என்று. அவசரத்தில் நிரப்புபவர் பத்திரத்தில் 'தெற்கு' என்ற சொல்லுக்கு அருகில் ரோடு இருப்பதைப் பார்த்து, தெற்கு எல்லை 20 அடி ரோடு என்று எழுதிவிடுகிறார். அதே போக்கில் வடக்கு எல்லை 27ஆம் மனை, கிழக்கு எல்லை 13, மேற்கு எல்லை 15 என்று மற்ற மூன்றும் புரண்டுவிடும்.

இந்தப் பிழை கண்ணுக்குத் தப்புவதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு திசையும் சேர்ந்தே புரள்வதால் விவரத்துக்குள் முரண் எதுவும் தெரியாது. மனை எண் சரி, சர்வே எண் சரி, பரப்பளவும் சரி. மனை மட்டும் அரைவட்டம் திரும்பி, வடக்குப் பார்த்த மனை தெற்குப் பார்த்ததாகிவிடும். ஏலம் எடுக்க வருபவர் ஆங்கில அறிவிப்போடு இடத்தைப் பார்க்கப் போனால் தெற்கில் ரோட்டைத் தேடுவார்.

பிடிக்க ஒரே நல்ல வழி, வரைந்து பார்ப்பது. ஒருவர் தமிழ் அறிவிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைத் தாளில் மனையைக் கட்டமாக வரைய வேண்டும். வடக்கு மேலே, நான்கு பக்கமும் எல்லை, பக்க அளவுகள். இன்னொருவர் ஆங்கிலத்தை மட்டும் பார்த்து இன்னொரு தாளில் வரைய வேண்டும். ஒருவரே இரண்டையும் வரைந்தால் முதலில் வரைந்த படம் கையை இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு இரண்டு தாள்களையும் மனைப்பிரிவு வரைபடத்தின் அருகில் வைத்துப் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை.

பக்க அளவுகளும் இந்தப் படத்தில் ஏற வேண்டும். பத்திரத்தில் "கிழமேல் வடபுறம் 40 அடி, தென்புறம் 38 அடி, தென்வடல் கீழ்புறம் 60 அடி, மேல்புறம் 60 அடி" என்று இருக்கும். கீழ்புறம் கிழக்குப் பக்கம், மேல்புறம் மேற்குப் பக்கம். நகரத்தில் வளர்ந்த மொழிபெயர்ப்பாளர் இதை மேலே, கீழே என்று எடுத்துக்கொண்டு வடக்கு, தெற்காக்கிவிடுவது உண்டு. மேலே சொன்ன எல்லைப்படி ரோட்டை ஒட்டிய முகப்பு 40 அடி. எல்லை புரண்ட ஆங்கில அறிவிப்பில் முகப்பு 38 அடியாகிவிடும். பக்கங்கள் சமமாக இல்லாத மனை என்றால் பிழை இங்கே மாட்டிக்கொள்ளும். நான்கும் சமமான மனையில் மாட்டாது. அங்கே வரைபடம் ஒன்றே துணை.

பிறகு பரப்பைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வடபுறம் 40, தென்புறம் 38, சராசரி 39. அதை 60ஆல் பெருக்கினால் 2,340 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இது சுமார் 5.37 சென்ட். தமிழில் சென்ட்டும் ஆங்கிலத்தில் சதுர அடியும் கொடுத்திருந்தால் இந்த வகுத்தலைச் செய்யாமல் ஒத்துப்போகிறது என்று கையெழுத்துப் போடக் கூடாது. என் விருப்பம், மூலத்தில் எந்த அலகோ அதையே இரண்டு மொழியிலும் முதலில் எழுதி, மாற்று அலகையும் இரண்டு மொழியிலும் கொடுப்பது. பட்டாவில் வரும் ஹெக்டேர், ஏர்ஸ் அளவில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 0.12.50 என்று இருந்தால் அது 12.50 ஏர்ஸ், 1,250 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 30.9 சென்ட். தட்டச்சில் முதல் சுழியும் புள்ளியும் விடுபட்டால் 12.50 ஹெக்டேராகி, நிலம் நூறு மடங்கு பெருகிவிடும்.

சர்வே எண்ணின் உட்பிரிவை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'A' என்று வரும் உட்பிரிவைத் தமிழில் ஒருவர் 'ஏ' என்றும் ஒருவர் 'அ' என்றும் எழுதுவார். பட்டாவில் உள்ள வடிவத்தையே இரண்டிலும் வைப்பது நல்லது. வரி முடிவில் சாய்கோடு உடைந்தால் 45/2 என்பது 452 போலத் தெரியும். அந்த எண் இரண்டு வரியாகப் பிரியாதபடி வடிவமைப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். மாவட்டப் பெயரும் இப்படித்தான். செங்கல்பட்டு, தென்காசி மாவட்டங்கள் 2019இல் பிரிந்தவை. பழைய பத்திரத்தைப் பார்த்து ஒரு மொழியில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றும், இன்றைய நிலவரப்படி மற்றதில் செங்கல்பட்டு என்றும் வந்தால் படிப்பவர் இரண்டு சொத்து என்று நினைக்கலாம். இன்றைய பெயரை எழுதி, 'முன்பு காஞ்சிபுரம் மாவட்டம்' என்பதை இரண்டிலும் சேர்த்துவிட்டால் குழப்பம் இல்லை.

தொகைகளில் எண்ணையும் எழுத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். குறைந்தபட்ச விலை ரூ.46,80,000 என்றும், ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் முன்வைப்புத் தொகை அதில் 10 சதவீதம், ரூ.4,68,000 என்றும் வைத்துக்கொள்வோம். இதில் இலக்கப் பிழை எளிதில் கண்ணில் படும். நிபந்தனையில் வரும் பிழைதான் ஆபத்து. விதிப்படி, ஏலம் எடுத்தவர் விற்பனைத் தொகையில் 25 சதவீதத்தை அன்றே அல்லது அடுத்த வேலைநாளுக்குள் கட்ட வேண்டும். முன்வைப்புத் தொகையும் அந்த 25 சதவீதத்துக்குள் அடக்கம். குறைந்தபட்ச விலைக்கே ஏலம் முடிந்தால் 25 சதவீதம் ரூ.11,70,000, ஏற்கெனவே கட்டியது போக இன்னும் கட்ட வேண்டியது ரூ.7,02,000. தமிழில் 'உட்பட' என்ற ஒரு சொல் விடுபட்டு, 'முன்வைப்புத் தொகையுடன் 25 சதவீதம்' என்று வந்துவிட்டால், கூடுதலாக முழு ரூ.11,70,000 கேட்பதாகப் படிக்க இடம் உண்டு. நான்கரை லட்சத்துக்கு மேல் வேறுபாடு. இந்த மாதிரி வரிகளுக்கு ஒரு மாதிரித் தொகையைப் போட்டு, இரண்டு மொழியின்படியும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை வெளியே வரும்.

மீதித் தொகைக்கான கெடு, விற்பனை உறுதி செய்யப்பட்டதிலிருந்து 15ஆம் நாள் வரை. தமிழில் இது 'ஏலம் முடிந்த 15 நாட்களுக்குள்' என்று சுருங்குவதை அடிக்கடி பார்க்கலாம். ஏலம் முடியும் நாளும் உறுதி செய்யும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முன்வைப்புத் தொகை கட்டும் கடைசி நாளிலும் இதே சிக்கல். '20ஆம் தேதிக்கு முன்' என்றால் 19ஆம் தேதியோடு முடிந்தது; '20ஆம் தேதி மாலை 5 மணி வரை' என்பது வேறு. நேரத்தோடு காலை, பகல், மாலை என்று எழுதாமல் வெறும் 12.00 மணி என்று விடவே கூடாது.

இரண்டு நாளிதழ்களிலும் ஒரே நாளில் வராமல் போவதும் மெய்ப்பு பார்ப்பவர் கேட்க வேண்டிய விஷயம். முதல் முறை விற்பனைக்கு, அறிவிப்பு வெளியானதிலிருந்து 30 நாள் முடியும் முன் ஏலம் நடக்கக் கூடாது. ஆங்கிலத்தில் மார்ச் 3ஆம் தேதியும், தமிழில் இடம் கிடைக்காமல் மார்ச் 5ஆம் தேதியும் வெளிவருகிறது. ஏலம் ஏப்ரல் 3 என்றால் ஆங்கிலக் கணக்குக்குச் சரி, தமிழ்க் கணக்குக்கு இன்னும் 30 நாள் முடியவில்லை. பிந்திய வெளியீட்டிலிருந்து எண்ணி, ஏப்ரல் 5 அல்லது அதற்குப் பிறகு வைப்பதுதான் பாதுகாப்பு.

சுவாதீனம் பற்றிய வரியையும் விட்டுவிடக் கூடாது. வங்கி கையில் சாவி இருக்கிறதா, அல்லது அறிவிப்பு ஒட்டி அடையாளமாக மட்டும் எடுத்ததா என்பதை ஆங்கிலம் சொல்லியிருக்கும். தமிழில் வெறுமனே 'சுவாதீனம் எடுக்கப்பட்டுள்ளது' என்று நின்றால், உள்ளே ஆள் குடியிருக்கும் வீட்டைக் காலி வீடு என்று நம்பி ஒருவர் பணம் கட்டுவார். சேமிப்பை எல்லாம் போட்டு வாங்க வரும் குடும்பத்துக்கு இந்த ஒரு சொல் மிகப் பெரிய விஷயம்.

எல்லாம் சரிபார்த்து அனுப்பிய பிறகு நாளிதழின் பக்க வடிவமைப்பில் எழுத்துரு மாறும். யூனிகோடில் தட்டிய தமிழ் பழைய எழுத்துரு முறைக்கு மாற்றப்படும்போது கொம்பும் காலும் பிரிந்து இடம் மாறலாம். ரூபாய்க் குறி மறைந்துபோகலாம். இணைய முகவரியும் மின்னஞ்சலும் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடலாம். அதனால் ரூபாய்க் குறிக்குப் பதில் 'ரூ.' என்று எழுதுவதே மேல். கடைசி மெய்ப்பில் முழுவதையும் மறுபடி படிக்க நேரம் இல்லாவிட்டாலும், எண்கள், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, இணைய முகவரி ஆகிய நான்கையும் ஒவ்வொரு குறியாகப் பார்த்தே ஆக வேண்டும். அந்தக் குறியீட்டில் 11 குறிகள். ஐந்தாவது எப்போதும் சுழி, அங்கே எழுத்து வந்திருந்தால் பணம் போகாது. ஒருவர் வாசிக்க மற்றவர் பென்சிலால் டிக் போடுவது போதும். வாசிப்பவர் 'நாற்பத்தாறு லட்சம்' என்று சொல்லாமல் 'நான்கு, ஆறு, எட்டு, சுழி' என்று சொல்ல வேண்டும்.

அச்சான பிறகு பிழை தெரிந்தால் திருத்த அறிவிப்பும் இரண்டு நாளிதழ்களிலும் வர வேண்டும், பிழை ஒன்றில் மட்டும் இருந்தாலும். எழுத்துப் பிழைக்கு அது போதும். எல்லை, பரப்பு, விலை, தேதி மாறியிருந்தால் அந்த ஏலத்தை நிறுத்தி, புது அறிவிப்பு கொடுத்து 30 நாளை முதலிலிருந்து எண்ணச் சொல்வதே மெய்ப்பு பார்ப்பவர் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்குக் கொடுக்க வேண்டிய குறிப்பு.