பெர்பெச்சுவிட்டி கேள்வியா? முதலில் ஆட்களைச் சாகடியுங்கள்

சிவில் ஜட்ஜ் மெயின்ஸ் பட்டியலில் என் எண் வந்துவிட்டது. இனி வைவா. அதற்குள் இதை எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் சூடு ஆறிவிடும். பெர்பெச்சுவிட்டி என்றால், சொத்தைத் தலைமுறை தலைமுறையாக எல்லையில்லாமல் கட்டிப்போடுவதைத் தடுக்கும் விதி. அது உட்பட, சொத்துரிமை மாற்றச் சட்டத்தில் 13 முதல் 21 வரையிலான பிரிவுகள்தான் என்னைக் கரையேற்றின என்பது என் கணக்கு. இந்தப் பகுதியைத் தொடாமலே பாஸ் செய்தவர்களும் உண்டு. அவர்களிடம் வேறு வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் படித்த கோச்சிங் சென்டரில் இந்தப் பகுதிக்குத் தந்த நோட்ஸ் அரைப் பக்கம். "உயிர் வாழும் காலம், அதோடு 18 ஆண்டு" என்று ஒரு வரி, அதன் கீழே உறுதியாகிவிட்ட வெஸ்டட் உரிமைக்கும் நடக்குமா என்று தெரியாத ஒன்றை நம்பி நிற்கும் கன்டிஞ்சென்ட் உரிமைக்கும் வித்தியாச அட்டவணை. அந்த அட்டவணையை மனப்பாடம் செய்தால் வித்தியாசம் எழுதச் சொல்லும் கேள்விக்கு மார்க் கிடைக்கும். கதை சொல்லி, "யாருக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டால் ஒன்றும் ஓடாது.

எனக்கு ஓடியது கும்பகோணத்தில் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தரால். டெல்டாவில் செட்டில்மென்ட் பத்திரத்துக்குப் பஞ்சமே இல்லை. "என் ஜீவிய காலம் வரை நானும், எனக்குப் பின் என் மனைவியும் ஆண்டு அனுபவித்து, அதன் பின் என் மகன்..." என்று ஆயுள் பாத்தியம் அடுக்கடுக்காகப் போகும். பழைய நகல்களை என் முன்னால் வைத்துவிட்டு அவர் ஒன்றுதான் சொன்னார்: "தேதியப் பாரும்மா. அன்னைக்கி யாரு யாரு உசுரோட இருந்தான்னு எழுதிக்க. அப்பறம் ஒவ்வொருத்தரா சாவடிச்சுப் பாரு." சட்டப் புத்தகம் படித்தவர் இல்லை. ஆனால் மொத்தப் பாடமும் அதற்குள் இருக்கிறது.

ஆட்களை இரண்டு விதமாகச் சாகடிக்க வேண்டும். இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

முதலாவது வெஸ்டட்டா கன்டிஞ்சென்டா என்பதற்கு. சொத்தைப் பெற வேண்டியவரை, அது கைக்கு வருவதற்கு முன்பே சாகடியுங்கள். அவர் வாரிசுகள் வந்து கேட்க முடியுமா? முடியும் என்றால் பிரிவு 19, வெஸ்டட். "அம்மாவின் ஆயுளுக்குப் பின் என் மகளுக்கு" என்றால் மகளுக்கு இன்றே வெஸ்டட். அம்மாவின் சாவு நடந்தே தீரும் நிகழ்ச்சி, அனுபவம்தான் தள்ளிப்போகிறது. மகள் அம்மாவுக்கு முன்பே இறந்தாலும் அவள் வாரிசுகளுக்குப் போகும். "அம்மா இறக்கும்போது மகள் உயிரோடிருந்தால் அவளுக்கு" என்றால் நிலைமை தலைகீழ். அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். பிரிவு 21, கன்டிஞ்சென்ட். மகள் முந்தினால் அவள் வாரிசுகளுக்கு எதுவும் இல்லை.

நிபந்தனை ஆளின் உயிரைச் சாராமல் வேறு எதையாவது சார்ந்திருந்தால் இந்தச் சோதனை தடுமாறும். அப்போது நேராக "இந்த நிகழ்ச்சி நடந்தே தீருமா?" என்று கேளுங்கள். 19, 21 இரண்டும் அந்தக் கேள்வியில்தான் பிரிகின்றன.

இரண்டாவது பெர்பெச்சுவிட்டிக்கு. பத்திரத் தேதியில் உயிரோடிருந்த எல்லோரையும் மிக மோசமான நேரத்தில் சாகடியுங்கள். அதாவது, பிறக்க வேண்டிய குழந்தை பிறந்த மறுநாளே. அங்கிருந்து 18 ஆண்டுக்குள் உரிமை அந்தக் குழந்தையிடம் வெஸ்ட் ஆகியே தீருமா? தள்ளிப்போக ஒரு சாத்தியம் இருந்தாலே பிரிவு 14 அடிக்கும். உண்மையில் என்ன நடந்தது என்று காத்திருந்து பார்க்கும் பேச்சு இங்கே இல்லை. பத்திரத் தேதியன்று தெரிந்த சாத்தியங்கள் மட்டுமே கணக்கு.

இனி ஒரு கதை. தேர்வில் வந்தது இல்லை, பத்திர நகல்களைப் பார்த்து நானே கட்டிக்கொண்டது. பாபநாசம் பக்கம் ஒருவருக்கு ஒரு வேலி நஞ்சை. 2010-இல் செட்டில்மென்ட் எழுதுகிறார். மனைவிக்கு ஆயுள் பாத்தியம், அவருக்குப் பின் மகனுக்கு ஆயுள் பாத்தியம், மகனுக்குப் பின் மகனின் தலைச்சன் பிள்ளை 25 வயதை அடைந்தால் அதற்குச் சர்வ சுதந்திரமாக. அன்று மகனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. 2012-இல் பேத்தி பிறக்கிறாள்.

பிரிவு 13-ஐ முதலில் தாண்டுங்கள். பிறக்காத பிள்ளைக்கு நேராகக் கொடுக்க முடியாது, முன்னால் ஓர் உரிமை இருக்க வேண்டும். மனைவி, மகன் இருவருக்கும் இருக்கிறது. பிள்ளைக்குப் போவது மிச்சம் இருக்கும் முழு உரிமையாக இருக்க வேண்டும். சர்வ சுதந்திரம் என்பதால் இப்போதைக்குச் சரி. பேத்திக்கும் ஆயுள் பாத்தியம் மட்டும் என்று எழுதியிருந்தால் இங்கேயே முடிந்திருக்கும், 14 வரை போகவே வேண்டாம்.

இப்போது 14. "25 அடைந்தால்" என்பது கன்டிஞ்சென்ட். பேத்தி பிறந்த மறுநாள் மகனும் பாட்டியும் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் அனுமதிப்பது அவளுடைய 18 வரை. உரிமை வெஸ்ட் ஆவதோ 25-இல். ஏழு ஆண்டு மீறல். ஆகவே பேத்திக்கான ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாது. மகன் நிஜத்தில் 2040 வரை வாழ்ந்து, அப்போது பேத்திக்கு 28 ஆகியிருந்தாலும் விடை மாறாது. இந்த வரியைப் பலர் எழுதுவதில்லை. எழுதினால் பேப்பர் திருத்துபவருக்கு உங்களை அடையாளம் தெரியும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். மனைவியின் பாத்தியமும் மகனின் பாத்தியமும் செல்லும். மகன் இறந்தபின் நிலம் எழுதிக்கொடுத்தவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ திரும்பும். "பேத்தி 25-க்குள் இறந்தால் என் இளைய மகனுக்கு" என்று ஒட்டியிருந்தால் அதுவும் பிரிவு 16-இன்படி கூடவே விழும். இளைய மகனுக்குப் பதிலாக ஊர்க் கோயிலில் அன்னதானக் கட்டளைக்கு என்றிருந்தால்? பிரிவு 18 சமயம், கல்வி போன்ற பொதுநன்மைக்கான மாற்றங்களை 14, 16, 17-இன் தடையிலிருந்து விலக்குகிறது. எங்கள் பக்கத்துக் கதைகளில் கோயில் தலைகாட்டினால் உடனே 18 ஞாபகம் வரட்டும்.

இனிதான் நான் உயிராக நினைக்கும் இடம். அதே பத்திரத்தில் ஒரே ஒரு வாக்கியம் சேருங்கள்: "மகனுக்குப் பின், பிள்ளை 25 அடையும் வரை குறுவை, சம்பா வருமானம் அந்தப் பிள்ளையின் படிப்புக்கும் பராமரிப்புக்கும் செலவாக வேண்டியது." விடை புரண்டுவிடும். வயது நிபந்தனை இருந்தாலும், அந்த வயதுக்கு முந்தைய வருமானத்தை அந்த ஆளுக்கே முழுசாகக் கொடுத்தால், அல்லது வேண்டிய அளவு அவர் நலனுக்குச் செலவிடச் சொன்னால், உரிமை கன்டிஞ்சென்ட் ஆகாது என்கிறது பிரிவு 21-இன் விதிவிலக்கு. ஆகவே பேத்திக்குப் பிறந்த அன்றே வெஸ்ட் ஆகிறது (பிரிவு 20), 25 வரை தள்ளிப்போவது அனுபவம் மட்டும். பெர்பெச்சுவிட்டி விதி பார்ப்பது எப்போது வெஸ்ட் ஆகிறது என்பதைத்தான், எப்போது நெல் வீட்டுக்கு வருகிறது என்பதை இல்லை. எனவே 14 தொடாது. பேத்தி 22-இல் இறந்தால் அவள் வாரிசுகளுக்குப் போகும்.

கதையில் பராமரிப்பு, படிப்பு, வருமானம் என்று எங்காவது வந்தால் அது அலங்காரம் இல்லை. அடிக்கோடு போடுங்கள். ஆனால் வருமானத்தைச் சேர்த்து மட்டும் வைக்கச் சொல்லி, யாருக்கு என்று சொல்லாவிட்டால் இந்த விதிவிலக்கை இழுக்காதீர்கள்.

இன்னொரு திருப்பம். பேத்தி 2009-இலேயே பிறந்துவிட்டாள் என்று வையுங்கள், வருமான வாக்கியமும் இல்லை. பலர் 25-ஐப் பார்த்ததும் பாய்ந்து 14 எழுதுவார்கள். தேவையே இல்லை. பத்திரத் தேதியில் அவளே உயிரோடிருக்கிறாள், 25 ஆவதென்றால் அவள் ஆயுளுக்குள்தான். உரிமை கன்டிஞ்சென்ட், ஆனாலும் செல்லும். 25 இல்லை, 60 என்று போட்டாலும் செல்லும். பத்திரத் தேதியில் தாய் வயிற்றில் இருந்த பிள்ளையையும் உயிரோடிருப்பவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு அறையில் கேள்வித்தாளின் ஓரத்தில் நான் கிறுக்கும் வரிசை:

- பத்திரத் தேதி. அன்று உயிரோடு யார், யார் இல்லை.
- பிறக்காதவருக்கு முன்னால் ஓர் உரிமை உண்டா, அவருக்குப் போவது முழுசா (13).
- எப்போது வெஸ்ட் ஆகிறது (19, 20, 21). இதற்கு முன் 14 எழுதக் கூடாது.
- மோசமான நேரத்துச் சாவு, 18 (14).
- விழுந்தால் கூடவே எது விழுகிறது, நிலம் யாரிடம் திரும்புகிறது.

முன்கிரய உரிமை ஒப்பந்தம் வந்தால் இந்த வரிசையே வேண்டாம். விற்பனை ஒப்பந்தம் நிலத்தில் உரிமை எதையும் உண்டாக்காது என்பதால் 14 பொருந்தாது என்று ராம்பரன் பிரசாத் வழக்கில் (1967) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு பத்தி போதும். இங்கிலாந்தில் 21 ஆண்டு, பிறகு 125 ஆண்டு என்றெல்லாம் நீட்ட வேண்டாம், கேட்டால் ஒழிய.

கடைசியாக உயில். கதையில் செட்டில்மென்டுக்குப் பதில் உயில் என்றிருந்தால் மூன்று மாற்றம். சட்டம் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவுகள் 113, 114, 119, 120. வட்டம் போட வேண்டிய தேதி உயில் எழுதிய தேதி இல்லை, எழுதியவர் இறந்த தேதி. மேலே உள்ள கதையில் 2010-இல் உயில் எழுதி 2015-இல் இறந்தார் என்றால், 2012-இல் பிறந்த பேத்தி உயிரோடிருப்பவர் பட்டியலில் வந்துவிடுகிறாள், 25 செல்லுபடியாகிறது. மூன்றாவது, சோஃபர் வழக்கு (1944, பிரிவி கவுன்சில்). பிறக்காதவருக்குக் கொடுத்ததை ஒரு நிபந்தனையாலோ பறிக்கும் வாசகத்தாலோ இழக்கக்கூடிய வாய்ப்பு இருந்தால், அது முழு உரிமை ஆகாது என்று 113-ஐ வைத்தே அடித்த வழக்கு அது. வருமான வாக்கியம் போட்டு 14-இலிருந்து காப்பாற்றிய ஏற்பாட்டில், "25-க்குள் இறந்தால் இளைய மகனுக்கு" என்ற வாசகமும் ஒட்டிக்கொண்டிருந்தால், சோஃபரை எழுதி அது மறுபடியும் ஏன் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். செட்டில்மென்ட் கேள்வியாக இருந்தாலும் பிரிவு 13-இன் கீழ் அதே வாதத்தை வைக்கலாம்.