ஆடிப்பட்டத்துக்கு ஓர் அறிவிப்பு

“நீ எழுதினதுல ஒரு தப்பும் இல்லம்மா. ஆனா ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருக்கு. யாரையும் வான்னு கூப்பிடலையே.”

மாடித்தோட்டப் பயிற்சிக்கு நான் எழுதிய அறிவிப்பைப் படித்துவிட்டு சார் சொன்னது இது. வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அறக்கட்டளை நடத்தும் பயிற்சிகளில் மண் பற்றிய பாடம் அவருடையது. அறிவிப்பு எழுதுவது என் வேலை. அதற்குப் பிறகு எத்தனையோ அறிவிப்புகள் எழுதியாகிவிட்டது. தலைப்பில் கை வைக்கும்போதெல்லாம் அந்த வாக்கியம் வந்து நிற்கிறது.

அவர் கொடுத்த தலைப்பு ‘ஆடிப்பட்டம் தேடி விதை’. முந்தைய ஆண்டும் அதே தலைப்புதான். நல்ல கூட்டம் வந்தது. வந்தவர்களில் ஒருவர் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. மானாவாரி நிலத்தில் நிலக்கடலை போட யோசனை கேட்டு, அன்றைய வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். இங்கே நாங்கள் பிளாஸ்டிக் தொட்டியில் தென்னை நார்க்கழிவை ஊறவைத்துக்கொண்டிருந்தோம். அவர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு அவமானமாக இருந்தது. பழமொழியில் மாடி எங்கே இருக்கிறது? தொட்டி எங்கே இருக்கிறது? அதனால் அடுத்த முறை நான் இப்படி எழுதினேன்:

‘மாடித்தோட்டத்துக்கு மண்கலவை: நேரடிப் பயிற்சி, மதுரை, ஜூலை 12’

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. தலைப்பு நீண்டால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது வால் அறுந்துவிடும். எழுத்து வரம்பு வைக்கும் படிவங்கள் பலவும் நம் எழுத்தை நாம் எண்ணுவதுபோல் எண்ணுவதில்லை. ‘பயிற்சி’ நமக்கு நான்கு எழுத்து. புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணும் படிவத்துக்கு ஏழு. ஆகவே என்ன பயிற்சி என்பது முதலில் வர வேண்டும். அறுந்தாலும் கடைசியில் இருக்கும் தேதிதான் அறும்; அது உள்ளே முதல் வரியிலேயே திரும்ப வருகிறது.

தேதிக்கு நான் பட்ட பாடு தனி. ‘வரும் சனிக்கிழமை’ என்று ஒருபோதும் எழுதமாட்டேன். செய்தி குழுவுக்குக் குழு தாண்டி அடுத்த வாரம் யார் கைக்கோ போய்ச் சேரும். அவருக்கும் அது வரும் சனிக்கிழமைதான். 12/07 என்று எண்ணில் போட்டாலும் ஆபத்து உண்டு. நாம் ஜூலை 12 என்று படிப்போம். அமெரிக்க முறையில் அமைந்த படிவம் அதை டிசம்பர் 7 ஆக்கிவிடும். இரண்டுமே உண்மையான தேதிகள் என்பதால் எங்கேயும் பிழை காட்டாது. அதனால் ‘2025 ஜூலை 12, சனிக்கிழமை’ என்று மாதத்தை எழுத்தில், கிழமையோடு, ஆண்டோடு எழுதினேன். தேதியில் விரல் தவறினால் கிழமை காட்டிக்கொடுக்கும். ஆண்டு இருந்தால் பழைய அறிவிப்பு மறுபடி சுற்றும்போது யாரும் ஏமாறமாட்டார்கள்.

சாருக்கு இதிலும் ஒரு குறை. “ஆடி பொறக்கறதுக்கு முன்னாடின்னு ஒரு வார்த்தை போடேன்.” அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. கலவையைப் போட்டதும் விதைக்கக் கூடாது. தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் சேர்ந்த மண்ணை, ஈரம் காயாமல் ஒரு வாரம் பத்து நாள் விட்டுவைக்க வேண்டும். ஜூலை 12 அன்று கற்றுக்கொண்டு போய்க் கலந்து வைத்தால், ஆடி முதல் வாரத்தில் விதை போடலாம். அந்தத் தேதியை அவர் குறித்ததே அதற்காகத்தான். நான் அதைக் காலியான சனிக்கிழமை என்று மட்டும் பார்த்திருந்தேன்.

நேரத்தைப் பொறுத்தவரை நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். கல்யாணப் பத்திரிகையில் ‘9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்று படித்துப் பழகியவர்கள் நாம். ‘காலை 10 மணியளவில்’ என்று போட்டால் பத்தே முக்காலுக்குத்தான் செருப்பு கழற்றும் சத்தம் கேட்கும். ‘9.30 முதல் பதிவு, 10 மணிக்குத் தொடக்கம், 1 மணிக்கு நிறைவு’ என்று எழுதினேன். முடியும் நேரம் தெரிந்தால்தான், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு வருபவரால் கணக்குப் போட முடியும்.

இடத்தை எழுதும்போது ‘கே.கே.நகர்’ போதாது. சென்னையில் ஒன்று, திருச்சியில் ஒன்று, எங்களுடையது மதுரையில். ஊர்ப்பெயரைத் தலைப்பில் வைத்தது அதற்காக. கூடம் முதல் மாடியில். படிக்கட்டு முன்வாசலில் இல்லை, பக்கத்துச் சந்தில். லிஃப்ட் கிடையாது. இந்த மூன்றையும் எழுதினேன். ‘லிஃப்ட் இல்லைன்னு நாமளே சொல்லணுமா’ என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கும் பெரியவரை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

இவ்வளவு சரியாக எழுதிய அறிவிப்புக்கு யார் வந்தார்கள் என்பதுதான் சங்கடம். நேரத்துக்கு வந்தார்கள். யாரும் வழி கேட்டு போன் செய்யவில்லை. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே தோட்டம் வைத்திருந்தவர்கள். செம்மண், நார்க்கழிவு, உரம் சம பங்கு என்று சார் தொடங்கியபோதே தலையாட்டினார்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலசிப் பிழிய வேண்டும் என்றால், ‘அது தெரியும் சார், மாவுப்பூச்சிக்கு என்ன அடிக்கிறது’ என்றார்கள். ஒருவர் மண்ணைக் கையில் எடுத்து அழுத்தி, விரலால் தட்டி உதிர்த்துக் காட்டி, பதம் சரி என்று தானே தீர்ப்பும் சொன்னார். சார் எதிர்பார்த்தது தொட்டியே தொடாதவர்களை.

மண்கலவை என்று ஒன்று வேண்டும் என்பதே தெரியாத ஒருவர், ‘மண்கலவை’ என்ற தலைப்பைத் திறந்து பார்ப்பாரா? தெரு மண்ணை அள்ளிப் போட்டு, அது இறுகிப்போய், செடி பட்டுப்போன பிறகு ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று விட்டுவிட்டவர்தான் எங்களுக்கு வேண்டிய ஆள். தன் சிக்கலுக்குப் பெயர் மண் என்று அவருக்குத் தெரியாது. ஆடிப்பட்டம் தெரிந்திருக்கும், அம்மாவோ பாட்டியோ சொல்லிக் கேட்டிருப்பார்.

இதை சாரிடம் சொன்னேன். அவர் ஜெயித்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. உசிலம்பட்டிக்காரரைப் பற்றிக் கேட்டதும், “அவர் வந்ததுல என்னம்மா தப்பு? சாப்பாட்டு நேரம் பூரா வெராண்டாவுல நின்னு பேசினோமே” என்றார். எனக்கு அது தெரியாது. நான் உள்ளே எலுமிச்சை சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஆனாலும், வழியில் ஒரு நல்ல மனிதர் கிடைத்தார் என்பதற்காக, தவறான பஸ்ஸில் ஏற்றிவிட்டது சரியாகிவிடுமா? சாரிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘ஆமா’ என்றுதான் சொல்லியிருப்பார்.

தைப்பட்டத்துக்கான அறிவிப்பு இப்போது கையில் இருக்கிறது. ‘மாடியில் முதல் கத்தரிச்செடி’ என்று எழுதி அனுப்பினேன். உடனே போன் வந்தது. “செடி யாருக்கும்மா வேணும்? கத்தரிக்காய்னு போடு.” போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று மணி நேரத்தில் காய் கிடைக்காது; நாங்கள் கொடுப்பது மண் நிரப்பிய ஒரு பையும் ஒரு நாற்றும். அதை விவரத்தில் முதல் வரியாக எழுதிவிட்டுத் தலைப்பில் காயை விட்டுவைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேதியும் மதுரையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை எடுக்கச் சொல்லி சாரும் கேட்கவில்லை.