மழைக்காலத்தில் கப்பலண்டி வறுக்கும்போது எப்போது இறக்குவது?

கால் கிலோ பச்சைக் கப்பலண்டியை, அதாவது நிலக்கடலையை, தோலோடு, கனமான இரும்புச் சீனச்சட்டியில், அடுப்பை மிதத்துக்கும் சிறு தீக்கும் நடுவில் வைத்து வறுத்தால் எங்கள் வீட்டில் வழக்கமாக 12 முதல் 15 நிமிடம் ஆகும். இது வெயில் காலத்துக் கணக்கு. நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, அந்த மாதங்களில் சந்தையில் வாங்கும் கடலை கையில் எடுத்தாலே ஒரு சில்லிப்பு இருக்கும், அந்த ஈரம் போகவே கூடுதலாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதனால் கடிகாரத்தைப் பார்த்து இறக்கும் பழக்கம் இங்கே சரிப்படாது.

போன வாரம் மழை விட்ட ஒரு சாயங்காலம் வறுத்ததைச் சொல்கிறேன். முதலில் சொளவில் கொட்டிப் பொறுக்கினேன். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாம் வெளியே. பூசணக் கடலை கசப்பதோடு உடம்புக்கும் ஆகாது, வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. சட்டி காய்ந்ததும் எண்ணெய் எதுவும் விடாமல் கடலையைப் போட்டேன். அடி முழுக்க ஒன்றிரண்டு அடுக்குக்கு மேல் நிற்காத அளவுதான், அரைக் கிலோவை ஒரே தடவையில் கொட்டினால் மேலே கிடப்பது வேகாது, அடியில் கிடப்பது கருகும்.

முதல் நான்கைந்து நிமிடம் பெரிதாக ஒன்றும் நடக்காது. பச்சை வாசனையோடு லேசாக ஆவி வரும், அவ்வளவுதான். அப்போது கொஞ்சம் விட்டு விட்டுக் கிளறினாலும் போதும். பலர் இந்த இடத்தில்தான் பொறுமை போய்த் தீயைக் கூட்டுகிறார்கள். கூட்டினால் தோல் கறுத்துவிடும், பருப்பு நடுவில் வெள்ளையாகவே இருக்கும், கடித்தால் பச்சை வாடை அடிக்கும். வெளியே கருகி உள்ளே வேகாத கடலையை அதற்குப் பிறகு எவ்வளவு வறுத்தாலும் சரிசெய்ய முடியாது.

ஆவி அடங்கியதும் டப், டப் என்று ஒன்றிரண்டு வெடிக்கும். அதற்கு மேல் கையை எடுக்கக் கூடாது. சட்டியின் நடுவில்தான் சூடு அதிகம், ஆகவே சும்மா வட்டமாகச் சுற்றாமல், சட்டுவத்தை அடிவரை விட்டு நடுவில் கிடப்பதை ஓரத்துக்கும் ஓரத்தில் கிடப்பதை நடுவுக்கும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெடிப்பு கூடும்போது தோல் அங்கங்கே விரியும், சில இடத்தில் பழுப்புப் புள்ளி விழும், பச்சை வாசனை மாறி வறுத்த மணம் அடுக்களை முழுக்க வரும். அன்றைக்கு ஈரக் கடலை என்பதால் இந்த மணம் வரவே 12 நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இப்போதுதான் சோதிக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல் உண்டு. சூடாக இருக்கும்போது கடலை மெத்தென்றுதான் இருக்கும், மொறுமொறுப்பு ஆறின பிறகுதான் வரும். வெந்ததையே வேகவில்லை என்று நினைத்து இன்னும் வறுத்துக் கசப்பாக்கிவிடுவது இதனால்தான். அம்மா அடுக்களை வாசலில் நின்றே சொல்வாள், "சூட்டுல தின்னு பாக்காத மக்கா, ரெண்டெண்ணம் எடுத்து ஆற வை." பெரிய கடலையாக இரண்டு மூன்றை ஒரு தட்டில் போட்டு ஒரு நிமிடம் விட்டேன், அதுவரை அடுப்பைச் சிறுத்துக் கிளறிக்கொண்டிருந்தேன். பிறகு விரலால் கசக்கினால் தோல் சிரமமில்லாமல் கழன்றது. பருப்பை இரண்டாகப் பிளந்து உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சுத்த வெள்ளையாக இருந்தால் இன்னும் ஓரிரு நிமிடம். வெண்மை மாறி இளம் சந்தன நிறம் வந்திருந்தால் அடுப்பை அணைக்கலாம். நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கதை முடிந்தது. இறக்கின பிறகும் கடலைக்குள் இருக்கும் சூடு அதை இன்னும் கொஞ்சம் சிவக்க வைக்கும்.

அதே காரணத்தால் அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியிலேயே விடவும் கூடாது, இரும்புச் சட்டி வெகுநேரம் சூட்டை வைத்திருக்கும். உடனே சொளவிலோ அகலத் தட்டிலோ பரப்பிவிட வேண்டும். சட்னிக்கு என்றால் இன்னும் அரை நிமிடம் முன்னாடியே இறக்குவேன், தின்பதற்கு என்றால் மேலே சொன்ன நிறம்தான். உப்பு வேண்டுமானால் சூட்டோடு ஒரு கரண்டி உப்புத் தண்ணீரைத் தெளித்து, ஈரம் போகும் வரை இளஞ்சூட்டில் புரட்டலாம்.

முழுக்க ஆறாமல் டப்பாவில் போட்டு மூடினால் மூடியில் வியர்த்து நமுத்துவிடும். மழைக்காலத்தில் ஆற வைத்துத் திறந்தே மறந்துவிட்டாலும் அதே கதிதான், கை பொறுக்கும் சூடும் போனவுடன் அடைத்துவிடுங்கள்.