பாஸான லீவைத் தள்ளி வைத்த கதை

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சிஎன்சி ஆபரேட்டராக இருக்கிறேன். 2024 மே மாதம் அக்கா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காது குத்துவதாக இருந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது, அதனால் நான் வராமல் இருக்கும் பேச்சே இல்லை. ஆனால் நான் வேலை பார்க்கும் மெஷின் பிரிவில், அதாவது எங்கள் செல்லில், கோடை லீவு பட்டியலை ஏப்ரல் முதல் வாரமே கேட்டுவிடுவார்கள். அப்போது காவேரிப்பட்டணம் பக்கம் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் இன்னும் கூடிப் பேசவே இல்லை. "வைகாசி பொறந்ததும் வெச்சுக்கலாம்டா" என்று அக்கா சொன்னதை வைத்து மே 13 திங்கள் முதல் 18 சனி வரை போட்டேன், பாஸும் ஆனது.

மே 9 வியாழன் ராத்திரி அக்கா போன். "தம்பி, 26ஆம் தேதி ஞாயித்துக்கிழமைன்னு பங்காளிங்க முடிவு பண்ணிட்டாங்க. கிடா சொல்லியாச்சு, பந்தல்காரனுக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு."

எங்கள் ஆப்பில் பாஸான லீவின் தேதியை மாற்ற வழி கிடையாது. பழையதை கேன்சல் செய்துவிட்டுப் புதிதாக அப்ளை செய்யலாம், அவ்வளவுதான். கேன்சல் பாஸாகி நாட்கள் திரும்பக் கணக்கில் ஏறினால்தான் புது அப்ளிகேஷனை ஆப் வாங்கும், இல்லையென்றால் பேலன்ஸ் பத்தாது என்று சொல்லிவிடும். அதனால் எல்லோரும் முதலில் கேன்சலைத்தான் அமுக்குவார்கள். சிக்கல் அங்கேதான். கேன்சலை மறுக்க யாருக்கும் காரணம் இருக்காது, ஆள் வேலைக்கு வருகிறேன் என்கிறான், உடனே பாஸாகிவிடும். புது லீவு வேறு கணக்கு. அதை மறுத்தால் கையில் இருந்ததும் போய், கேட்டதும் கிடைக்காமல் நிற்க வேண்டும். பக்கத்து லைனில் ஒரு தம்பிக்கு அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

23ஆம் தேதி முதல் லீவை மாற்றித் தரும்படி சட்டத்தைக் காட்டிக் கேட்கலாமா என்று சங்கத்து அண்ணன் ஒருவரிடம் விசாரித்தேன். 1948 தொழிற்சாலைச் சட்டம் 79ஆம் பிரிவில், லீவு தொடங்கும் நாளுக்கு 15 நாள் முன்னாடி எழுத்தில் கேட்க வேண்டும் என்று இருந்தது. அப்படிக் கேட்டால், முறையாகப் போட்ட லீவுத் திட்டம் குறுக்கே வந்தாலொழிய மறுக்கக் கூடாது. "நீ எழுதிக் குடுக்கறது 10ஆம் தேதி, 23ல இருந்து கேக்கற. பதிமூணு நாள்தான் இருக்குது. உரிமைன்னு பேசாத, கோரிக்கையா கேளு" என்றார். அது சரியான யோசனை. சட்டப் பேச்சோடு உள்ளே போயிருந்தால் சூப்பர்வைசரும் அதே 15 நாளைக் காட்டிக் கதவைச் சாத்தியிருப்பார். (2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. இங்கே நான் சொல்வது பழைய சட்டம் இருந்த காலத்துக் கதை.)

அடுத்தது ஆள் கணக்கு. எங்கள் செல்லில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் லீவு கிடையாது. 23 தொடங்கும் வாரத்தில் இரண்டு இடமும் நிரம்பியிருந்தது. கிருஷ்ணகிரி பக்கத்துக் கம்பெனிகளில் மே, ஜூன் என்றால் இதுதான் கதை, மாந்தோப்பு இருக்கிறவன் எவனும் அந்த நேரத்தில் ஷிப்டில் நிற்க மாட்டான். இரண்டு பேரில் ஒருவர் சந்தூர்க்காரர், எனக்கு அண்ணன் முறை வைத்துப் பேசுகிறவர். வெள்ளிக்கிழமை காலை கேன்டீனில் பிடித்தேன்.

"அண்ணா, உங்க வாரத்தை எனக்குக் குடுத்துட்டு என் வாரத்தை நீங்க எடுத்துக்க முடியுமா?"

அவர் கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "செந்தூரா இப்பவே பழுக்குது, வியாபாரி தினமும் போன் போடறான். எனக்கும் முன்னாடி போனா நல்லதுதான். ஆனா 23 வியாழன் நான் வேலைக்கு வர முடியாது, வீட்டுல ஒரு சோலி இருக்குது. வெள்ளில இருந்து மாத்திக்கலாம்."

எனக்கு ஒரு நாள் குறைந்தது, பரவாயில்லை. அவர் சரி என்ற பிறகுதான் சூப்பர்வைசரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "விசேஷம் ஞாயித்துக்கிழமைதானே, வெள்ளி சனி போதாதா?" நியாயமான கேள்விதான். வெள்ளி, சனி பந்தல், சமையல் சாமான், உறவு அழைப்பு. திங்களன்று பாத்திரம் திருப்பி, பந்தல் கணக்கு முடிக்க வேண்டும். செவ்வாய், புதன் எங்கள் வீட்டில் மறு அழைப்பு இருக்கிறது. நாள் நாளாகச் சொன்னதும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "குடும்ப விசேஷம்" என்று மொத்தமாகச் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் நிறுத்தியிருப்பார்.

"உங்க ரெண்டு பேர் ஏற்பாட்டையும் ஒரே பேப்பர்ல எழுதிக் கொண்டா" என்றார். நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

"எனக்கு மே 13 முதல் 18 வரை அனுமதிக்கப்பட்ட ஈட்டிய விடுப்பை, குடும்ப விசேஷத் தேதி 9ஆம் தேதிதான் முடிவானதால், மே 24 முதல் 29 வரை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த நாட்களில் விடுப்பு பெற்றிருந்த சக ஊழியர் என்னுடைய பழைய நாட்களை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துக் கீழே கையெழுத்திட்டுள்ளார். புதிய தேதிகளுக்கு அனுமதி கிடைத்தால் மட்டுமே பழைய விடுப்பை ரத்து செய்யக் கோருகிறேன்."

கடைசி வரிதான் இந்தக் காகிதத்தின் உயிர். அது இருந்தால் இரண்டு விண்ணப்பமும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடும், ஒன்றை மட்டும் பாஸ் செய்ய முடியாது. சூப்பர்வைசரும் டிபார்ட்மென்ட் மேனேஜரும் கையெழுத்துப் போட்ட பிறகு அதை எச்ஆர் மேடத்திடம் கொடுத்து, ஒரு நகலில் தேதியோடு "பெறப்பட்டது" என்று வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகே ஆப்பைத் திறந்தேன். கேன்சல் போட்டு, அது பாஸாகி, புதிதாக அப்ளை செய்ததெல்லாம் அவர் சீட்டுக்கு எதிரில் நின்றபடியே முடிந்தது. அண்ணனுக்கும் அதே மாதிரி.

அங்கேயே ஒன்று கண்ணில் பட்டது. 24 முதல் 29 வரை போட்டதும் ஆப் ஆறு நாள் என்று காட்டியது. நடுவில் 26 ஞாயிறு வார விடுமுறை, அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. பழைய லீவு திங்கள் முதல் சனி வரை இருந்ததால் இந்தப் பிரச்சினை வரவில்லை. அதே 79ஆம் பிரிவில், லீவுக்கு நடுவிலோ முன்பின்னோ வரும் விடுமுறை நாள் லீவுக் கணக்கில் சேராது என்று தெளிவாக இருந்தது. மேடத்திடம் பவ்யமாகக் கேட்டேன். "ஆமாங்க, வீக் ஆஃப் மேப் ஆகல போல" என்று கையால் ஐந்தாக மாற்றிக் கொடுத்தார். வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் இந்த லீவைப் பிரித்து எடுக்க முடியாது என்று அப்போது இருந்ததால், ரத்தானதும் ஒரு தடவையாக விழுமா என்றும் கேட்டுக்கொண்டேன். எடுக்காத லீவு எப்படிக் கணக்கில் வரும் என்று சிரித்தார்.

லீவு மாறினால் ஷிப்ட் ஷெட்யூலும் தானாக மாறும் என்று நினைத்துவிடக் கூடாது. 13ஆம் தேதி வாரத்துக்கான பட்டியல் முன்பே ஒட்டியாகிவிட்டது, அதில் என் பெயருக்கு நேராக லீவு என்றே இருந்தது. அப்படியே விட்டால், பஞ்ச் வைத்தாலும் அட்டெண்டன்ஸில் லீவு விழும், வேலை செய்த நாளுக்கு லீவும் கழியும். சனிக்கிழமையே டைம் ஆபீசில் சொல்லி ஏ ஷிப்ட் போட்டு வாங்கினேன். திங்கள் சாயங்காலம் ஆப்பில் பார்த்தேன், ஆஜர் என்று காட்டியது. சந்தூர் அண்ணன் பெயரில் லீவு.

ஜூன் முதல் வாரம் வந்த சம்பள ரசீதில் ஈட்டிய விடுப்பு ஐந்துதான் கழிந்திருந்தது. அண்ணன் ஒரு கூடை செந்தூரா கொண்டுவந்து செல்லில் வைத்தார், எல்லோருக்கும்.