போனில் இடம் இருக்கிறது, பேக்கப் மட்டும் ஏன் நிற்கிறது?

அப்பாவின் வாட்ஸ்அப்பில் Chat backup பக்கத்தைத் திறந்தபோது, கடைசி பேக்கப்பின் தேதி நான்கு மாதங்களுக்கு முந்தையதாக இருந்தது. அதற்குக் கீழே, கூகுள் கணக்கில் இடம் நிறைந்துவிட்டது என்று ஒரு வரி. அவர் அதைப் பார்த்திருக்கவில்லை. யார்தான் பார்க்கிறார்கள்? அந்தப் பக்கத்துக்குப் போக Settings, அதன் உள்ளே Chats, அதற்கும் உள்ளே Chat backup என்று மூன்று கதவுகளைத் திறக்க வேண்டும். புதுப் போன் வாங்கும் பேச்சு வந்ததால்தான் நானே அங்கே போனேன்.

“போனில்தான் 40 ஜிபி காலியாக இருக்கிறதே, பிறகு எப்படி இடமில்லை என்கிறது?” என்றார் அப்பா. நியாயமான கேள்வி. பேக்கப் போனில் சேர்வதில்லை, கூகுள் கணக்கில் சேர்கிறது. அந்தக் கணக்குக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அந்த 15 ஜிபியைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப் சில ஆண்டுகள் இந்த 15 ஜிபியில் எண்ணப்படாமல் இருந்தது. 2023 டிசம்பரில் சோதனைப் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கும், 2024-இல் படிப்படியாக மற்றவர்களுக்கும் அந்தச் சலுகை முடிந்தது. அதுவரை கவலையின்றி இருந்தவர்கள் பலருக்கு இடம் திடீரென்று நிறைந்தது அப்போதுதான். ஐபோன் வைத்திருப்பவர்களுக்குப் பேக்கப் ஐகிளவுடில் சேர்கிறது. அங்கே இலவசம் 5 ஜிபி மட்டுமே.

எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதை one.google.com/storage என்ற முகவரியில் பார்க்கலாம். அப்பாவின் கணக்கில் போட்டோஸ் ஏறக்குறைய 9 ஜிபி, வாட்ஸ்அப் பேக்கப் 4 ஜிபிக்குச் சற்று மேல், மீதி ஜிமெயில். டிரைவில் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஓய்வு பெற்ற மனிதர், மாதத்தில் பத்துப் படம்கூட எடுக்காதவர். அவருக்கு 9 ஜிபி படம் எங்கிருந்து வந்தது?

திறந்து பார்த்தால் முழுக்கக் காலை வணக்கம். பூ, சூரியன், முருகன், மூட்டு வலிக்கு முடக்கத்தான் கீரை, யாரோ ஒருவருடைய பேரனின் காது குத்து. குழுக்களில் வந்து விழுந்த படங்களும் காணொளிகளும் போனின் WhatsApp Images, WhatsApp Video என்ற கோப்புறைகளில் தாமாகவே இறங்குகின்றன. இந்தக் கோப்புறைகளையும் சேர்த்துப் பேக்கப் எடுக்கும்படி அப்பாவின் போட்டோஸ் செயலியில் அமைக்கப்பட்டிருந்தது. அதே படங்களை வாட்ஸ்அப் தன் பேக்கப்பிலும் எடுத்துவைக்கிறது. ஆக, ஒரே முருகன் ஒரே 15 ஜிபிக்குள் இரண்டு இடங்களில் எழுந்தருளியிருந்தார்.

முதலில் அந்தக் குழாயை அடைத்தேன். போட்டோஸ் அமைப்புகளில் Backup என்பதற்குள் Back up device folders என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் வாட்ஸ்அப் கோப்புறைகளை அணைத்தாயிற்று. இதைச் செய்யாமல் அழிக்க ஆரம்பித்தால், ஒரு பக்கம் இறைக்க இறைக்க மறு பக்கம் நிறைந்துகொண்டே இருக்கும்.

அடுத்து எங்கிருந்து அழிப்பது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில்தானே பிரச்சினை, அங்கேயே அழிப்போம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். Storage and data பகுதியில் Manage storage என்பதைத் திறந்தால், 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை முன்னனுப்பப்பட்டவை என்று அதுவே பிரித்துக் காட்டுகிறது. வசதியான இடம்தான். ஆனால் அங்கே அழிப்பது போனில் இருப்பதை. கூகுள் கணக்கில் இருக்கும் பழைய பேக்கப் அப்படியே இருக்கும். அடுத்த பேக்கப் ஓடினால்தான் அது சுருங்கும். அடுத்த பேக்கப் ஓட இடம் வேண்டும், இடம்தான் இல்லையே! இரண்டு ஜிபி அழித்த பிறகும் கணக்கில் ஓர் எண்கூட மாறவில்லை என்று புலம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த முடிச்சில்தான். ஆகவே முதலில் ஜிமெயிலிலோ போட்டோஸிலோ கொஞ்சம் இடம் உண்டாக்க வேண்டும்.

ஜிமெயில் எளிது. தேடல் பெட்டியில் இதைத் தட்டினேன்:

```
has:attachment larger:10M
```

இணைப்புகளோடு சேர்த்துப் பத்து எம்பிக்கு மேற்பட்ட அஞ்சல்கள் மட்டும் வரிசையாக நிற்கும். பழைய திருமண ஆல்பம், வீடு கட்டியபோது வந்த வரைபடங்கள். வேண்டியவற்றைக் கணினியில் இறக்கிவைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தோம். அழித்தவுடன் இடம் வந்துவிடாது. அஞ்சல்கள் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதுவரை அவையும் கணக்கில் சேரும். தொட்டியைக் காலி செய்தால்தான் விடுதலை. போட்டோஸுக்குத் தனித் தொட்டி, அங்கே 60 நாள். இரண்டையும் கையால் காலி செய்த பிறகும், எண் குறைந்து தெரியக் கொஞ்ச நேரம் பிடிக்கலாம். அதைப் பார்த்துப் பதறி மேலும் அழிக்க வேண்டியதில்லை.

போட்டோஸில்தான் நிதானம் வேண்டும். அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால் கணக்கிலிருந்து மட்டுமல்ல, போனிலிருந்தும் போகிறது. அது வாட்ஸ்அப் படமாக இருந்தால் உரையாடலிலும் அதற்குப் பதில் மங்கலான கட்டம்தான் மிஞ்சும். காலை வணக்கங்களுக்கு அது நல்லதே. ஆனால் அவற்றுக்கு நடுவே அத்தையின் அறுபதாம் கல்யாணக் காணொளியும் கிடந்தது. அதுபோன்றவற்றை முதலில் கணினியில் எடுத்துவைத்தோம். பிறகு மாதவாரியாகத் தேர்ந்தெடுத்து அழித்தோம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, “இது இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் மாலை முழுவதும் அதிலேயே போயிற்று. அப்படியும் 5 ஜிபிக்கு மேல் கிடைத்தது.

இடம் வந்த பிறகுதான் வாட்ஸ்அப்புக்குத் திரும்பினேன். Manage storage-இல் பலமுறை முன்னனுப்பப்பட்டவற்றை மொத்தமாக அழித்தேன். Chat backup பக்கத்தில் Include videos என்பதையும் அணைத்தேன். இடத்தை விழுங்குவதில் காணொளிக்கு நிகர் எதுவும் இல்லை. பிறகு வைஃபையில் போனைச் சார்ஜரில் செருகிவிட்டு Back up பொத்தானை அழுத்தினேன். முடிந்தபோது 4 ஜிபியாக இருந்த பேக்கப் இரண்டுக்கும் கீழே வந்திருந்தது. காணொளிகள் இனிப் போனில் மட்டுமே இருக்கும். போன் தொலைந்தால் அவையும் போகும். அப்பாவிடம் இதைச் சொல்லித்தான் அணைத்தேன்.

பழைய பேக்கப்பையே டிரைவிலிருந்து அழித்துவிட்டுப் புதிதாக எடுக்கலாமே என்று தம்பி கேட்டான். எடுக்கலாம், டிரைவ் செயலியின் Backups பகுதியில் அது இருக்கிறது. ஆனால் புதியது முடிவதற்குள் போனுக்கு ஏதாவது நேர்ந்தால் கையில் ஒன்றும் இருக்காது. வேறு வழியே இல்லையென்றால், முதலில் போனில் இருக்கும் இந்தக் கோப்புறையைக் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ள வேண்டும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்கு எடுக்கும் உள்ளூர் பேக்கப் அங்கே சேர்கிறது. கடைசி ஏழு நாட்களுடையவை இருக்கும். அதில் எழுத்து உரையாடல்கள் மட்டும்தான். படங்கள் பக்கத்திலுள்ள Media கோப்புறையில் இருக்கின்றன, அதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு மாதம் நின்றுபோனதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. ஐந்து மாதம் புதுப்பிக்கப்படாத பேக்கப்பை கூகுள் கணக்கிலிருந்து தானாக நீக்கிவிட வாய்ப்பு உண்டு. இன்னும் ஒரு மாதம் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பழைய பேக்கப்பும் போயிருக்கலாம்.

போன் மாற்றுவதற்காக மட்டும் பேக்கப் தேவைப்படுகிறவர்கள், இரண்டு ஆண்ட்ராய்டு போன்களும் கையில் இருந்தால், இவ்வளவு பாடுபட வேண்டாம். பழைய போனில் Chats பகுதியில் Transfer chats என்பதைத் திறந்து, புதுப் போனில் தோன்றும் கியூஆர் குறியீட்டைப் படித்தால் எல்லாம் நேரடியாகப் போய்விடும்; கூகுள் கணக்கின் இடம் இதற்குத் தேவையில்லை. அப்பாவுக்குப் புதுப் போன் வந்தபோது அப்படித்தான் மாற்றினோம், காணொளிகள் உட்பட.